ஒரே வங்கி, மூன்று முகவரிகள்

வீடு மாறிய ஒருவர் வங்கிக்குப் போய், சேமிப்புக் கணக்கில் முகவரியை மாற்றிவிட்டு வருகிறார். அடுத்த மாதம் கிரெடிட் கார்டு பில் பழைய வீட்டுக்கே போகிறது. கேட்டால், "கார்டு வேற டிபார்ட்மென்ட் சார், அங்க தனியா எழுதிக் கொடுக்கணும்" என்கிறார்கள். வீட்டுக் கடனுக்கு இன்னொரு படிவம். இப்படிப்பட்ட வங்கியின் ஆண்டறிக்கையிலும் 'வாடிக்கையாளரே எங்கள் மையம்' என்ற வாக்கியம் இருக்கக்கூடும். எழுதியவர்கள் மனமறிந்துதான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த வாக்கியம் கணினிகள் இருக்கும் அறைவரை வந்து சேரவில்லை.

ஏன் சேரவில்லை? உத்தி என்பது எங்கே போகவேண்டும் என்று சொல்கிறது. நிறுவனக் கட்டமைப்பு, அதாவது என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர், எந்த மென்பொருள் எதோடு பேசவேண்டும், எந்தத் தகவல் எங்கே இருக்கவேண்டும் என்று வரைகிறது. 'வாடிக்கையாளரே மையம்' என்பதை வைத்துக்கொண்டு எந்தக் கட்டமைப்பாளராலும் எதையும் வரையமுடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு படி வேண்டும். இன்னும் சில ஆண்டுகளில் நிறுவனம் அன்றாடம் எப்படி வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கும் அந்தப் படிக்கு 'டார்கெட் ஆபரேட்டிங் மாடல்' என்று பெயர். தமிழில் இலக்கு இயக்க முறை எனலாம்.

ஜீன் ராஸ், பீட்டர் வெயில், டேவிட் ராபர்ட்சன் மூவரும் 2006-இல் வெளியிட்ட நூலில் இதை இரண்டு கேள்விகளாகச் சுருக்கினார்கள். பிரிவுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் வேலை செய்யவேண்டுமா? ஒரே தகவலைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டுமா? பதில் சொல்லவேண்டியவர்கள் கணினிப் பிரிவினர் அல்லர், வியாபாரத்தை நடத்துகிறவர்கள்.

நம் வங்கி, 'வேலைமுறை தனித்தனியாக இருக்கட்டும், வாடிக்கையாளர் தகவல் மட்டும் ஒன்றே' என்று முடிவெடுத்தால், வரைபடம் தானாகத் தெளிவாகிவிடும். முதலாண்டில் பொதுவான வாடிக்கையாளர் பதிவேடு ஒன்றை உருவாக்கி, அதற்குப் பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்கவேண்டும். இரண்டாமாண்டில் சேமிப்பு, கார்டு, கடன் மென்பொருள்கள் முகவரியை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி மாற்றவேண்டும். மூன்றாமாண்டில், அவற்றுக்குள் இருக்கும் பழைய முகவரிப் பதிவுகளை நீக்கவேண்டும்.

தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது படியில்தான். புதியது வந்ததும் பணமும் ஆர்வமும் வடிந்துவிடும், பழையதும் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு மூன்று முகவரிகள் நான்காகும். ஒரு திட்டம் தேறுமா என்று பார்க்க நான் முதலில் தேடுவது, எந்த மென்பொருளை எந்தத் தேதியில் நிறுத்தப்போகிறார்கள் என்ற பட்டியலைத்தான்.

இந்த நடுப்படியை மனமொன்றி எடுத்துவைத்த வங்கி சிங்கப்பூரின் டிபிஎஸ். 1926-இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் இணைக்கப்பட்டது இதன் இந்தியக் கிளை நிறுவனத்தோடுதான். டிபிஎஸ் தன் வேலைகளை 33 தளங்களாகப் பிரித்தது. ஒவ்வொரு தளத்துக்கும் வியாபாரத் தரப்பிலிருந்து ஒருவர், தொழில்நுட்பத் தரப்பிலிருந்து ஒருவர் என இரண்டு தலைவர்கள். 'ஒரே பெட்டியில் இருவர்' என்பது அவர்கள் வழக்கு. இலக்கும் ஒன்று, பணத்துக்கான கணக்கும் ஒன்று. கடன் பிரிவு கேட்டதை ஐடி செய்து தரவில்லை என்று சொல்ல அங்கே இடமில்லை. கேட்பவரும் செய்பவரும் சேர்ந்தே பொறுப்பு. இயக்க முறையை இப்படி வரைந்த பிறகுதான் எந்த மென்பொருள் எந்தத் தளத்துக்குச் சொந்தம் என்று கட்டமைப்பாளரால் கோடு போட முடிகிறது.

அப்படியும் அடி விழுந்தது. 2021 நவம்பரிலும் 2023-இல் பலமுறையும் டிபிஎஸ் சேவைகள் முடங்கின. கணினி அமைப்புகள் தாக்குப்பிடிக்கும் திறன், கோளாறு வந்தால் கையாளும் விதம், மென்பொருள் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் முறை, தொழில்நுட்ப அபாயத்தின் மேற்பார்வை ஆகியவற்றில் குறை இருந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. இவை எந்த ஒரு தளத்துக்குள்ளும் அடங்காதவை, எல்லாத் தளங்களையும் ஊடறுத்துப் போகிறவை. வேலையைப் பிரித்துக் கொடுக்கும் எந்த இயக்க முறையிலும் இவற்றுக்கென்று தனியாக ஒரு சொந்தக்காரரை எழுதிவைக்க வேண்டும் என்றே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூர் நாணய ஆணையம் 2023 நவம்பரில், அத்தியாவசியமற்ற கணினி மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்திவைக்கும்படி உத்தரவிட்டது. அந்தக் காலத்தில் புதிய தொழில்களை வாங்கவும் வங்கிக்கு அனுமதி இல்லை. கணினிக் கோளாறு வியாபார உத்தியையே கட்டிப்போட்டது. 2023-க்கான தலைமைச் செயல் அதிகாரியின் ஊக்க ஊதியத்தில் 30 சதவீதத்தை வங்கி வெட்டியது.