அம்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

கல்லூரி முதலாண்டு மாணவர்களின் வேதியியல் விடைத்தாள்களில் ஒரே பிழையை ஆண்டுதோறும் பார்க்கிறேன். 2-புரோமோபியூட்டேனோடு ஹைட்ராக்சைடு அயனி எப்படி வினைபுரிகிறது என்று கேட்டிருப்பேன். வளைந்த அம்புகள் இரண்டையும் சரியான இடத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் விளைபொருளை வரையும்போது, புரோமினை அழித்துவிட்டு அதே இடத்தில் OH என்று எழுதிவிடுவார்கள். அம்பு சரி, படம் தவறு. தாங்கள் போட்ட அம்பைத் தாங்களே படிக்காமல் விட்டதால் வருகிற பிழை இது.

அந்த அம்பை எப்படிப் படிப்பது? முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது அணு நகர்வதைக் காட்டும் குறி அல்ல என்பதுதான். நகர்வது ஓர் எலக்ட்ரான் இரட்டை. அம்பின் வால் எங்கே தொடங்குகிறதோ அங்கே அந்த இரட்டை இப்போது இருக்கிறது. முனை எங்கே தொடுகிறதோ அங்கே அது போய்ச் சேரப்போகிறது. 1922இல் ராபர்ட் ராபின்சனும் வில்லியம் கெர்மாக்கும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்த இந்தக் குறியீட்டைத்தான் இன்றைக்கும் கரும்பலகையில் போடுகிறோம்.

இப்போது ஒரு தாளை எடுத்து வரைந்து பாருங்கள். நடுவில் ஒரு கார்பன். அதன் வலப்பக்கம் Br. மற்ற மூன்றும், அதாவது H, CH₃, C₂H₅ ஆகியவை, இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். ஒன்று தாளின் தளத்திலேயே இருக்கட்டும், ஒன்று உங்களை நோக்கி நீளட்டும், ஒன்று தாளுக்குப் பின்னால் போகட்டும். இன்னும் இடப்பக்கம் தள்ளி HO⁻ என்று எழுதுங்கள். அதன் ஆக்சிஜன்மேல் இரண்டு புள்ளிகளாகத் தனித்த எலக்ட்ரான் இரட்டையைக் குறியுங்கள்.

முதல் அம்பு அந்த இரண்டு புள்ளிகளில் தொடங்கிக் கார்பனில் முடிய வேண்டும். பலர் கழித்தல் குறியிலிருந்து தொடங்குகிறார்கள், சிலர் கார்பனிலிருந்து ஆக்சிஜனுக்கு எதிர்த்திசையில் போடுகிறார்கள். எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு என்பதை மறக்காவிட்டால் அந்தத் தடுமாற்றம் வராது. கார்பனோடு ஏற்கெனவே நான்கு இரட்டைகள் இருக்கின்றன; ஐந்தாவதுக்கு இடமில்லை. ஒன்று வந்தால் ஒன்று போயாக வேண்டும். ஆகவே இரண்டாவது அம்பு C–Br என்ற கோட்டின் நடுவில் தொடங்கி Br மேல் முடிகிறது. அந்தப் பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரான்களையும் புரோமின் எடுத்துக்கொண்டு புரோமைடு அயனியாக வெளியேறுகிறது. இரண்டு அம்புகளும் ஒரே படத்தில் இருப்பதற்குப் பொருள், இரண்டும் ஒரே மூச்சில் நடக்கின்றன என்பதே.

இதுவரை அம்புகள் சொன்னது எந்தப் பிணைப்பு உருவாகிறது, எந்தப் பிணைப்பு முறிகிறது என்பதை மட்டும்தான். கார்பனின் வடிவம் என்ன ஆனது என்பதற்கு, முதல் அம்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அது இடமிருந்து, புரோமினுக்கு நேர் எதிரே இருந்து வருகிறது. எலக்ட்ரான் நிறைந்த ஹைட்ராக்சைடு, தன் இரட்டையைக் கார்பனின் ஒரு வெற்றிடத்தில்தான் வைக்க முடியும். C–Br பிணைப்புக்கு உரிய அந்தக் காலியான ஆர்பிட்டாலின் பெரும்பகுதி கார்பனுக்குப் பின்புறம், புரோமினுக்கு எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறது. வாசல் அங்கே இருப்பதால் வருகிறவர் அந்த வழியாகத்தான் வர முடியும்.

பின்புறமாக ஆக்சிஜன் நெருங்க நெருங்க, இடப்பக்கம் சாய்ந்திருந்த மூன்று தொகுதிகளும் நிமிர்கின்றன. பாதிவழியில் அவை ஒரே தளத்தில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 120 பாகையில் நிற்கின்றன. இடப்பக்கம் ஆக்சிஜன் பாதி ஒட்டியும் வலப்பக்கம் புரோமின் பாதி விட்டும் இருக்கின்றன. கண நேரம்கூட நிலைக்காத நிலை அது. புரோமின் முழுதாக விலகியதும் மூன்றும் வலப்பக்கம் சாய்ந்துவிடுகின்றன. மழைக்காற்றில் குடை மறுபக்கம் மடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆகவே சரியான விளைபொருளில் HO இடப்பக்கம் இருக்க வேண்டும். மற்ற மூன்றும் வலப்பக்கம் சாய வேண்டும். S வகை 2-புரோமோபியூட்டேன் R வகை பியூட்டன்-2-ஆல் ஆகிறது. ஒரு கையுறை மறுகைக்கு உரியதாக மாறிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. R, S என்பவை தொகுதிகளை அணு எண் பார்த்து வரிசைப்படுத்தி நாம் இடும் பெயர்கள். புதிதாக வந்த தொகுதியின் வரிசை எண் மாறிவிட்டால், கார்பன் புரண்ட பின்னும் எழுத்து மாறாமல் இருக்கலாம். ஒளியை வலப்பக்கமோ இடப்பக்கமோ திருப்பும் குணத்தை வைத்தும் புரண்டதா என்று தீர்மானிக்க முடியாது. விளைபொருள் வேறொரு பொருள், அதன் சுழற்சி வேறு. எழுத்தை நம்பாமல் படத்தை வரைந்து பார்ப்பதே பாதுகாப்பு.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கார்பன் புரள்கிறது என்று எப்படித் துணிந்து சொல்கிறோம்? 1896இல் ரீகா நகரில் பால் வால்டன், மாலிக் அமிலத்தின் ஒரு வகையை எடுத்து, இடையில் குளோரின் சேர்மமாக்கி, அதன் எதிர்வகையாக மாற்றிக் காட்டினார். எந்தப் படியில் புரண்டது என்பது அப்போது விளங்கவில்லை. அதற்கு ஆணித்தரமான விடை 1935இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எட்வர்ட் ஹியூஸும் உடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனையில் கிடைத்தது. எனக்கு வேதியியலில் மிகப் பிடித்த சோதனைகளில் அது ஒன்று.

ஒரே கைவகையான 2-அயோடோஆக்டேனை அசிட்டோனில் கரைத்து, கதிரியக்க அயோடைடைச் சேர்த்தார்கள். இங்கே வருவதும் அயோடின், போவதும் அயோடின். விளைபொருளும் தொடக்கப் பொருளும் ஒன்றே என்பதால் சுழற்சியை நேராக ஒப்பிட முடியும். எத்தனை மூலக்கூறுகள் அயோடினை மாற்றிக்கொண்டன என்பதைக் கதிரியக்கம் சொல்லும். கரைசல் ஒளியைத் திருப்பும் அளவு எவ்வளவு குறைந்தது என்பதை ஒளிச்சுழற்சிமானி சொல்லும்.

நூறு மூலக்கூறுகள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாற்றிக்கொண்டன. முன்புறமாகவே மாற்றம் நடந்திருந்தால் எதுவும் புரண்டிருக்காது, சுழற்சி நூறாகவே இருக்கும். எந்தப் பக்கமும் வரலாம் என்றால் ஐந்து மட்டும் புரண்டிருக்கும். அந்த ஐந்தும் புரளாத ஐந்தின் சுழற்சியை ஈடுகட்டி அழிக்க, சுழற்சி தொண்ணூறாக நிற்கும். ஒவ்வொரு மாற்றமும் பின்புறமாகவே நடந்தால் பத்தும் புரண்டிருக்கும். அவை பழைய பத்தை அழிக்க, எண்பது மிஞ்சும். அதாவது மாற்றம் பத்து பங்கு என்றால் சுழற்சி இழப்பு இருபது பங்கு. சோதனையில், சுழற்சி குறையும் வேகம் அயோடின் மாறும் வேகத்தைப் போல் இரண்டு மடங்காக வந்தது. ஒவ்வொரு முறையும் கார்பன் புரண்டிருக்கிறது.

எல்லாக் கார்பனும் இப்படி நடந்துகொள்வதில்லை. 3-புரோமோ-3-மெத்தில்ஹெக்சேனில் கார்பனைச் சுற்றி மூன்று கார்பன் தொகுதிகள் நெருக்கமாக நிற்கின்றன, பின்வாசல் அடைபட்டுவிடுகிறது. நீரில் அங்கே புரோமின் முதலில் தனியாகக் கழன்றுபோகிறது. ஆகவே முதல் படத்தில் ஒரே அம்புதான்: C–Br பிணைப்பிலிருந்து Br மேல். எஞ்சுவது தட்டையான நேர்மின் கார்பன். அடுத்த படத்தில் நீர் மூலக்கூறின் இரட்டையிலிருந்து அந்தக் கார்பனுக்கு ஓர் அம்பு. தட்டையானதற்கு முன்பின் கிடையாது என்பதால் நீர் இருபுறமும் வரலாம். கிடைப்பது ஏறக்குறையச் சுழிமாய்க் கலவை. விலகிய புரோமைடு இன்னும் அருகிலேயே ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டிருப்பதால், புரண்ட வகை சற்றே கூடுதலாக வருவதும் உண்டு.

இந்த வினையை மாணவர்களுக்குக் கொடுக்கும்போது விளைபொருளை இரண்டு முறை வரையச் சொல்கிறேன்: நீர் இடமிருந்து வந்தால் ஒன்று, வலமிருந்து வந்தால் இன்னொன்று. பிறகு 2-புரோமோபியூட்டேனுக்குத் திரும்பி, அங்கே ஏன் ஒன்றே ஒன்றை வரைந்தோம் என்று கேட்கிறேன். அப்போதுதான் அவர்களின் கை, HO என்பதை இடப்பக்கம் எழுதுகிறது.