வெள்ளம் வடிந்த பிறகு: குடிசையும் கக்கூஸும்

2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளம் குவாலா கிராய்ப் பக்கம் வீடுகளையே அடித்துக்கொண்டு போனது. அப்படி வீடு போனால், ஐந்து பேருக்கு 12 அடிக்கு 16 அடி மூங்கில் குடிசை போதும். கூரைத் தகரத்தை வெட்டாதீர்கள், நிரந்தர வீட்டுக்கும் அதுவே கூரை. மண்ணில் ஊன்றிய மூங்கில் ஓரிரு வருஷத்தில் உளுத்துவிடும். அதற்குள் ஒவ்வொரு காலாக எடுத்து, சிமெந்துக் கட்டைமேல் மரத்தூண் நிறுத்துங்கள்.

கக்கூஸ்தான் எனக்குக் கவலை. 20 பேருக்கு ஒன்றாவது வேண்டும், கிணற்றுக்கு 100 அடி தள்ளி, பள்ளப் பக்கமாக. குழி தோண்டி, மழை படாமல் மூடி, இராத்திரி விட்டுப் பாருங்கள். காலையில் அடியில் தண்ணீர் ஊறியிருந்தால் அந்தக் குழி ஆகாது. அழுக்கு நிலத்தடித் தண்ணீரோடு கலந்து கிணற்றுக்குப் போய்விடும். அப்போது செங்கல்மேல் மூடிய டிரம் வைத்து, நிறைந்ததும் மேட்டில் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டியதுதான். நாற்றம் பிடித்த வேலை, ஆனால் பேதிக்கு டிரிப் ஏற்றுவதைவிட லேசு.