மதிப்பாய்வாளருக்கு எழுதும் பதில் கடிதம்: அனுப்புமுன் மூன்று வாசிப்பு

ஆய்விதழுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினால், இதழாசிரியர் அதை அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பார். இவர்கள்தான் மதிப்பாய்வாளர்கள். பெரும்பாலும் இவர்கள் யார் என்பது கட்டுரையாளருக்குத் தெரியாது. குறைகளையும் கேள்விகளையும் எழுதி அனுப்புவார்கள். கட்டுரையாளர் கட்டுரையைத் திருத்தி, ஒவ்வொரு கருத்துக்கும் என்ன செய்தார் என்பதை விளக்கும் பதில் கடிதத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். கட்டுரையைப் பல மாதம் செதுக்குகிறவர்கள் இந்தக் கடிதத்தைக் கடைசி இரவில் எழுதி, எழுத்துப்பிழை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் மதிப்பாய்வாளர் முதலில் திறப்பது இதைத்தான். இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கட்டுரைக்குள் போகிறார்.

இந்தக் கடிதத்தில் வழக்கமாக மூன்று வகைத் தவறுகள் நேர்கின்றன: கருத்துகளின் எண் குழம்புவது, பதிலின் தொனி தவறுவது, பக்க வரி எண்கள் பொய்யாவது. மூன்றையும் ஒரே வாசிப்பில் பிடிக்க முடியாது. மூன்று தனி வாசிப்பு வேண்டும். அவை இதே வரிசையில் நடக்க வேண்டும். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

கிணற்று நீரில் ஃபுளூரைடு அளவு பற்றிய ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். முதல் மதிப்பாய்வாளர் எண்ணிட்டு ஒன்பது கருத்துகள் எழுதியிருக்கிறார். இரண்டாமவர் எண் போடாமல் மூன்று பத்தி எழுதியிருக்கிறார். இதழாசிரியர் தம் பங்குக்கு இரண்டு கேட்டிருக்கிறார். கட்டுரையாளரின் வரைவுக் கடிதத்தில் பதினாறு பதில்கள் இருக்கின்றன.

பதினாறும் நன்றாக எழுதப்பட்டவையாகவே இருக்கலாம். ஆனால் விடுபட்ட கருத்து எது என்பதைக் கடிதத்தைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. இல்லாத ஒன்று கண்ணில் படாது. ஆகவே முதல் வாசிப்பு கடிதத்திலிருந்து தொடங்கக் கூடாது, இதழிலிருந்து வந்த முடிவு மின்னஞ்சலிலிருந்து தொடங்க வேண்டும். அதை அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து, ஏதாவது செய்யச் சொல்லும் அல்லது கேட்கும் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஓர் எண் இட வேண்டும். முதலாமவருடையவை 1.1, 1.2 என்றும், இரண்டாமவருடையவை 2.1, 2.2 என்றும் போகலாம். மதிப்பாய்வாளரே எண் கொடுத்திருந்தால் அதை மாற்றக் கூடாது. ஒரே எண்ணுக்குள் இரண்டு கேள்வி இருந்தால் 1.4அ, 1.4ஆ என்று பிரித்துக்கொள்ளலாம்.

நம் எடுத்துக்காட்டில் இப்படி எண்ணினால் பதினெட்டு வருகிறது. விடுபட்ட ஒன்று, முதலாமவரின் நான்காம் கருத்தில் இருந்த இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு நீளமாகப் பதில் எழுதியதில் அது மறந்துபோயிற்று. மற்றொன்று, இரண்டாமவர் பாராட்டி எழுதிய முதல் பத்தியில் ஒளிந்திருந்தது: ஆய்வு பயனுள்ளது என்று சொல்லிவிட்டு, கிணறுகளின் ஆழத்தையும் கொடுத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று முடித்திருந்தார். பாராட்டுப் பத்தி என்று கட்டுரையாளர் கடந்துபோய்விட்டார். இன்னோர் இடமும் உண்டு. சில மதிப்பாய்வாளர்கள் கட்டுரையின் பிடிஎஃப் கோப்பிலேயே குறிப்பெழுதி இணைப்பாக அனுப்புவார்கள். மின்னஞ்சலை மட்டும் படிப்பவர் அதைத் தவறவிடுவார்.

கடிதத்தில் எண்களைக் கையால் தட்டச்சு செய்வதே நல்லது. வேர்டு மென்பொருளின் தானியங்கி எண்வரிசையை நம்பினால், நடுவில் ஒரு கருத்தைச் சேர்த்ததும் கீழே உள்ளவை எல்லாம் ஓர் எண் தள்ளிப்போகும். ஆனால் ‘2.4க்கான பதிலைப் பார்க்கவும்’ என்று வேறோரிடத்தில் தட்டச்சு செய்தது அப்படியே நிற்கும், படிப்பவர் 2.4ஐத் தேடிப் போனால் அங்கே வேறு ஏதோ இருக்கும். எண் சரிபார்த்தபின் இத்தகைய குறுக்குக் குறிப்புகளை மட்டும் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். இன்னொன்று: மதிப்பாய்வாளரின் சொற்களைக் கடிதத்தில் அப்படியே ஒட்ட வேண்டும். அதில் எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தக் கூடாது, சுருக்கவும் கூடாது. சுருக்கும்போதுதான் கடினமான பாதி காணாமல்போகிறது.

இரண்டாவது வாசிப்பு தொனிக்கு. இதற்கு மதிப்பாய்வாளரின் கருத்துகளை மறைத்துவிட்டு, பதில்களை மட்டும் வரிசையாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். கருத்தோடு சேர்த்துப் படித்தால் பழைய எரிச்சல் திரும்பி வந்து, நம் கடுஞ்சொல் நமக்கே நியாயமாகப் படும். ஆய்வில் பங்கில்லாத ஒருவர் படித்தால் இன்னும் நல்லது.

தொனி தவறும் இடங்கள் பெரும்பாலும் வசைச் சொற்கள் அல்ல. ஆங்கிலத்தில் எழுதும்போது இயல்பாக வந்து விழும் ‘ஆல்ரெடி’, ‘கிளியர்லி’, ‘ஆப்வியஸ்லி’ போன்றவைதான். நம் எடுத்துக்காட்டில், நீர் மாதிரி எடுத்த மாதங்கள் குறிப்பிடப்படவில்லை என்று முதலாமவர் எழுதியிருக்கிறார். உண்மையில் அது நான்காம் பக்கத்தில் இருந்தது. வரைவில் பதில் இப்படி இருக்கிறது: “இது 4ஆம் பக்கத்தில் ஏற்கெனவே தெளிவாகக் கூறப்பட்டுள்ளது.” சொன்னது உண்மைதான். ஆனால் நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்பதுதான் படிப்பவர் காதில் விழும். துறை தெரிந்த ஒருவர் கண்ணிலேயே அது படவில்லையென்றால், பின்னால் வரும் வாசகர் பலருக்கும் படாது. ஆகவே பதில் இப்படி மாறுகிறது: “மாதிரி எடுத்த மாதங்கள் ஒரு நீண்ட பத்தியின் நடுவில் இருந்தன. இப்போது அவற்றை அந்தப் பிரிவின் முதல் வாக்கியத்தில் வைத்திருக்கிறோம்.” குற்றம் எழுத்தின் மேல் போகிறது, படித்தவர் மேல் அல்ல. கட்டுரையும் தெளிவாகிறது.

மறுப்பதிலும் தொனி தவறும். மழைக்கால மாதிரிகளையும் சேர்க்கச் சொல்லி இரண்டாமவர் கேட்கிறார். களப்பணி முடிந்துவிட்டது, சேர்க்க வழியில்லை. “இது எங்கள் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது” என்று ஒரே வரியில் முடித்தால் அது கதவடைப்பு. இந்தத் திருத்தத்தைச் செய்ய முடியவில்லை என்று முதல் வாக்கியத்திலேயே நேராகச் சொல்லி, அடுத்து காரணத்தைச் சொல்லி, அதற்கு ஈடாக என்ன செய்தோம் என்று முடிக்க வேண்டும். இங்கே ஈடு, முடிவுகள் கோடைகாலத்துக்கு மட்டும் பொருந்தும் என்று பதினோராம் பக்கத்தில் சேர்த்த நான்கு வரிகள். மறுப்பது தவறல்ல; காரணமில்லாமல் மறுப்பதுதான் தவறு.

மிகையான பணிவும் தொல்லைதான். பதினெட்டு பதிலும் ‘மதிப்புமிக்க கருத்துக்கு மிக்க நன்றி’ என்று தொடங்கினால், பதில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும். நன்றியைக் கடிதத்தின் தலைப்பில் ஒருமுறை சொல்லிவிட்டு, ஒவ்வொரு பதிலையும் நேர் விடையோடு தொடங்கலாம். வில்லியம் ஸ்டாஃபர்ட் நோபிள் 2017இல் ‘பிஎல்ஓஎஸ் கம்ப்யூட்டேஷனல் பயாலஜி’ இதழில் இப்படிப்பட்ட கடிதங்களுக்குப் பத்து விதிகள் எழுதினார். விடையை முதலில் சொல்லுங்கள் என்பது அவற்றில் ஒன்று. தேவைப்பட்டால் கடிதத்தை இருமுறை எழுதுங்கள் என்பது இன்னொன்று: கோபத்தை எல்லாம் கொட்டி முதலில் ஒன்று, அனுப்புவதற்கு வேறொன்று.

கவனித்தால், தொனியைத் திருத்தியபோது கட்டுரையும் மாறியது தெரியும். ஒரு வாக்கியம் இடம் மாறியது. நான்கு வரிகள் புதிதாக வந்தன. பக்க எண்ணைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். அதுவரை கடிதத்தில் ‘பக்கம் ##, வரி ##’ என்று காலியாக விட்டுவைக்கலாம். கட்டுரையில் இனி ஒரு காற்புள்ளிகூட மாறாது என்ற நிலை வந்தபின் நிரப்பி, ## என்று தேடி எதுவும் மிச்சமில்லை என்று உறுதிசெய்யலாம்.

பக்க எண் தவறில் மிகச் சாதாரணமானது இது: “வரி 145இல் அலகு விடுபட்டிருக்கிறது” என்கிறார் மதிப்பாய்வாளர். “வரி 145இல் திருத்திவிட்டோம்” என்கிறது பதில். அவர் சொன்னது பழைய கோப்பின் 145. புதிய கோப்பில் சுருக்கவுரை மூன்று வரி குறைந்திருக்கிறது. ஆய்வுமுறைப் பிரிவில் ஒன்பது வரி கூடியிருக்கிறது. ஆகவே அந்த வாக்கியம் இப்போது 151இல் இருக்கிறது. கருத்திலும் பதிலிலும் ஒரே எண் இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். இன்னோர் அடையாளமும் உண்டு. முடிவுரை பற்றிய குறிப்புகள் எல்லாமே சரியாக நான்கு வரி பிசகியிருந்தால், பதினோராம் பக்கத்தில் நான்கு வரி சேர்ப்பதற்கு முன்பே எண்களை நிரப்பிவிட்டார்கள் என்று பொருள். வேர்டில் Line Numbers என்பதில் Continuous என்று வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு கண்ணில் படும்; பக்கந்தோறும் 1இலிருந்து எண் தொடங்கினால் படாது.

அடுத்து, எந்தக் கோப்பின் எண் என்ற கேள்வி. பல இதழ்கள் திருத்தங்கள் வண்ணத்தில் தெரியும் பிரதி ஒன்றையும் சுத்தப் பிரதி ஒன்றையும் கேட்கின்றன. திருத்தம் தெரியும் பிரதியில் நீக்கிய சொற்களும் இடம் பிடித்தால், ஒரே வாக்கியத்துக்கு இரண்டிலும் இரண்டு வரி எண் வரும். போதாததற்கு, இதழின் இணையதளம் எல்லாக் கோப்புகளையும் ஒரே பிடிஎஃப் ஆக்கும்போது முன்பக்கம் ஒன்றைச் சேர்ப்பதுண்டு. அப்போது திரை காட்டும் பக்க எண்ணும் கட்டுரையில் அச்சான பக்க எண்ணும் ஒத்துப்போகாது. ஆகவே ‘எண்கள் யாவும் சுத்தப் பிரதியில் அச்சிட்டுள்ளவை’ என்று கடிதத்தின் தொடக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

எண்ணோடு, மாறிய வாக்கியத்தையும் கடிதத்தில் எடுத்தெழுதுவது இரட்டைப் பாதுகாப்பு. எண் பிசகினாலும் வாக்கியத்தை வைத்து மதிப்பாய்வாளர் தேடிக்கொள்வார். மெய்ப்பு பார்ப்பவருக்கும் இது கைகொடுக்கும்: கடிதத்தில் உள்ள மேற்கோளிலிருந்து நான்கைந்து சொற்களை எடுத்து இறுதி பிடிஎஃப் கோப்பில் தேட வேண்டும். கிடைத்தால் பக்கத்தையும் வரியையும் ஒப்பிடலாம். கிடைக்காவிட்டால், கடிதம் எழுதியபின் யாரோ அந்த வாக்கியத்தை மாற்றியிருக்கலாம். வரி உடையும் இடத்தில் தேடல் தோற்பதும் உண்டு. அதனால் வேறு நான்கு சொற்களை எடுத்து இன்னொரு முறை தேடிய பிறகே முடிவுக்கு வர வேண்டும். படம், அட்டவணை, மேற்கோள் நூல் எண்களையும் இதே கையோடு பார்த்துவிடலாம். புதிதாக ஒரு படம் சேர்த்திருந்தால் பழைய படம் 3 இப்போது படம் 4 ஆகியிருக்கும்.

கோப்புகளை ஏற்றியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. எடிட்டோரியல் மேனேஜர் போன்ற தளங்கள் தாம் உருவாக்கிய பிடிஎஃப் கோப்பைக் கட்டுரையாளர் பார்த்து ஒப்புதல் தந்தபிறகே அதை இதழுக்கு அனுப்பும். மதிப்பாய்வாளர் கைக்குப் போவது அந்தக் கோப்புதான். ஒப்புதல் தருமுன் கடிதத்தின் தொடக்கம், நடு, முடிவு என்று ஐந்து இடங்களை எடுத்து அந்தக் கோப்பிலேயே சரிபார்க்க வேண்டும். ஐந்தில் ஒன்று தவறினாலும், ஒப்புதல் தராமல் திரும்பிப்போய் எல்லா எண்களையும் மறுபடி பார்ப்பதே முறை. ஏனென்றால் பக்க எண் தவறு தனியாக வருவதில்லை. ஒன்று நகர்ந்திருந்தால் அதற்குக் கீழே உள்ளவையும் நகர்ந்திருக்கும்.