பழைய இசைத்தட்டு: தேய்மானமும் முதல் அச்சும்

பழைய இசைத்தட்டு வாங்க ஆரம்பிக்கிறவர்கள் கேட்பது ரெண்டே கேள்வி. தட்டு நல்லா இருக்கா? இது ஒரிஜினல்தானா? விற்பவர் ரெண்டுக்கும் ஆமாம் என்றுதான் சொல்வார். விலையும் அதற்கேற்ப ஏறும். அதனால் நாமே பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது.

உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் 'கோல்ட்மைன்' பத்திரிகை வகுத்த தரவரிசையைப் பின்பற்றுகிறார்கள். மின்ட், நியர் மின்ட், வெரிகுட் பிளஸ், வெரிகுட், குட், புவர் என்று அது இறங்கும். பெயர்களைப் பார்த்து ஏமாறக் கூடாது. இந்த வரிசையில் 'குட்' என்றால் இரைச்சலோடு பாடும் தட்டு என்று அர்த்தம். கேட்டு ரசிக்க வெரிகுட் பிளஸ் போதும்.

முதலில் தூசியைத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு பல்பு வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். டியூப்லைட்டில் பாதிக் கீறல் தெரியாது. கீறல் தெரிந்தால் நகத்தின் நுனியால் மெல்லத் தடவுங்கள். நகத்தில் தட்டுப்படாத மயிரிழைக் கீறல் பெரும்பாலும் காதில் விழாது. தட்டுப்பட்டால் சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கும். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுவதால், 1.8 விநாடிக்கு ஒரு டிக்.

ஆனால் நம்ம பக்கத்துத் தட்டுகளில் பெரிய ஆபத்து கீறல் இல்லை, தேய்மானம். முண்டியம்பாக்கம், விழுப்புரம், திண்டிவனம் மாதிரி ஊர்களில் பழைய தட்டு பலவும் ரேடியோ செட்டுக்காரர்களின் பரணிலிருந்து வருபவை. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று குழாய் ஸ்பீக்கரில் ஓடியவை. அந்தக் கால பிளேயரின் கனமான முள், வரிப்பள்ளத்தின் சுவரையே அரைத்துவிடும். மேலே பளபளவென்று இருக்கும், பாட்டு மட்டும் கரகரக்கும்.

இதற்கு ரெண்டு அடையாளம் பார்க்கலாம். லேபிளில் நடுத் துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், தட்டு பலமுறை பிளேயரில் ஏறியிருக்கிறது. அடுத்து, உள்பக்கத்துக் கடைசிப் பாட்டைப் போட்டு, குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தையும் 'ஸ', 'ச' ஒலிகளையும் கேளுங்கள். தேய்மானம் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். அழுக்கால் வரும் இரைச்சல் கழுவினால் குறையும், தேய்மானக் கரகரப்பு குறையாது. 78 சுழற்சி அரக்குத் தட்டை மட்டும் ஸ்பிரிட் வைத்துத் துடைக்காதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும்.

அடுத்தது முதல் அச்சு. மென்பொருள் பாஷையில் சொன்னால், உறையிலும் லேபிளிலும் உள்ள பட்டியல் எண் என்பது பொருளின் பெயர். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண், வெட்டப்பட்ட மூலத்தின் அடையாளம். அந்த மூலத்திலிருந்து எடுத்த உலோக அச்சைப் பல வருஷம் கழித்தும் பயன்படுத்தலாம். ஆகவே ரெண்டு எண்ணும் சரியாக இருந்தாலும் அது மறு அச்சாக இருக்க வாய்ப்பு உண்டு. லேபிளில் வட்டத்துக்குள் 'பி' எழுத்தும் பக்கத்தில் ஒரு வருஷமும் இருந்தால், அது ஒலிப்பதிவு முதலில் வெளியான வருஷம். தட்டு அச்சான வருஷம் அல்ல.

அப்போ எதை நம்புவது? தட்டிலும் உறையிலும் மிகப் பிந்திய காலத்தைக் காட்டும் தடயத்தைத் தேடணும். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' பாட்டுத் தட்டு ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உறையின் பின்பக்கம் கம்பெனியின் கல்கத்தா முகவரி, ஆறிலக்க பின்கோடுடன் அச்சாகியிருக்கிறது. பின்கோடு அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15 அன்று. அதற்கு முன்பு 'கல்கத்தா-28' போல மண்டல எண்தான் போடுவார்கள். எனவே இந்த உறை 1968-ஐச் சேர்ந்தது இல்லை. விவாதமே வேண்டாம்.

ஆனால் இது ஒருவழிப் பாதை. பின்கோடு இல்லாததால் மட்டுமே அது முதல் அச்சு ஆகிவிடாது. பழைய உறை மிச்சம் இருந்திருக்கலாம், முகவரியே போடாமல் விட்டிருக்கலாம். உறை மாறியும் போயிருக்கலாம். ரேடியோ செட்டுக்காரர் கையில் உறை மாறுவது சகஜம். அதனால் லேபிளையும் தனியாகச் சோதிக்கணும். அதே பட்டியல் எண் கொண்ட வேறு பிரதிகளின் படங்களைத் தேடி, லேபிளின் நிறம், முத்திரை, கம்பெனிப் பெயர் அச்சான விதம் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, 1950களின் படங்களுக்கு 'ஒரிஜினல் எல்.பி.' என்று யாராவது நீட்டினால் உஷாராகுங்கள். அந்தப் பாடல்கள் முதலில் வந்தது பெரும்பாலும் 78 சுழற்சித் தட்டில். பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடம் சொச்சம். இந்தியாவில் 1960களில் பீட்டில்ஸ் பாடல்கள்கூட 78-இல் வந்தன. அப்படிப்பட்ட படத்துக்கு எல்.பி. என்பது பிறகு வந்த தொகுப்பாகவே இருக்கும்.

தரமும் முதல் அச்சும் தனித்தனிக் கணக்கு. தேய்ந்த முதல் அச்சு அலமாரிக்கு, தேயாத மறு அச்சு காதுக்கு. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து காசு கொடுத்தால் சரி.