எழுவாய்க்கு உருபு போடும் மொழிகள்

இந்தி படிக்கும் தமிழர்கள் அதிகம் தடுமாறும் சொல் ‘நே’. பையன் ரொட்டி சாப்பிடுகிறான் என்பதற்கு ‘லட்கா ரோட்டி காத்தா ஹை’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சாப்பிட்டான் என்று மாற்றும்போதுதான் சிக்கல். ‘லட்கே நே ரோட்டி காயீ’ என்கிறது இந்தி. பையனுக்குப் பின்னால் எங்கிருந்தோ ஒரு ‘நே’ வந்து நிற்கிறது. வினையும் பெண்பாலாகிவிடுகிறது. சாப்பிட்டவன் ஆண்தான், ஆனால் இந்தியில் ரொட்டி பெண்பால், வினை அதைப் பார்த்துத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. பலரும் இதை மனப்பாடம் செய்து தேர்வில் தேறிவிடுகிறார்கள். காரணம் மட்டும் தெரிவதில்லை. மொழியியலாளர்கள் ‘எர்கடிவ்’ என்று சொல்லும் அமைப்பின் ஒரு துண்டு அது.

அதைப் புரிந்துகொள்ள இரண்டு தமிழ் வாக்கியங்கள் போதும். ‘பையன் வந்தான்’ என்பது ஒன்று. ‘பையன் அந்த மனிதனைப் பார்த்தான்’ என்பது இன்னொன்று. இவற்றில் மூன்று பாத்திரங்கள் இருக்கின்றன: வந்தவன், பார்த்தவன், பார்க்கப்பட்டவன். வந்தவனுக்கும் பார்த்தவனுக்கும் தமிழ் எந்த உருபும் தருவதில்லை. பார்க்கப்பட்டவனுக்கு மட்டும் ‘ஐ’ போடுகிறது. ஆங்கிலமும் இதையே செய்கிறது. வந்தாலும் பார்த்தாலும் ‘ஹி’, பார்க்கப்பட்டால் ‘ஹிம்’. பெயர்ச்சொல்லாக இருந்தால் வினைக்கு முன்னா பின்னா என்ற இடம் அந்த வேலையைச் செய்கிறது. வந்தவனையும் பார்த்தவனையும் ‘எழுவாய்’ என்ற ஒரே பெயரில் அடக்கும் இந்த முறை நமக்குப் பழகிப்போனதால், வேறு வழியே இல்லை என்று தோன்றுகிறது.

வேறு வழி இருக்கிறது. ஸ்பெயினின் வடக்கிலும் அதை ஒட்டிய பிரான்ஸின் தென்மேற்கு மூலையிலும் பேசப்படும் பாஸ்க் மொழியில் ‘கிசோனா’ என்றால் மனிதன், ‘முத்திலா’ என்றால் பையன். மனிதன் வந்தான் என்பது ‘கிசோனா எதோர்ரி தா’. பையன் மனிதனைப் பார்த்தான் என்பது ‘முத்திலாக் கிசோனா இகூசி து’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். வந்த மனிதனும் பார்க்கப்பட்ட மனிதனும் ஒரே ‘கிசோனா’தான், உருபு எதுவும் இல்லை. பார்த்த பையனுக்குத்தான் ‘க்’ என்ற உருபு சேர்ந்திருக்கிறது. அதே பையன் வெறுமனே வந்திருந்தால் ‘முத்திலா எதோர்ரி தா’ என்று உருபின்றி நிற்பான்.

ஆக, மூன்று பாத்திரங்களில் எந்த இரண்டைச் சேர்ப்பது என்பதில்தான் மொழிகள் பிரிகின்றன. வந்தவனைப் பார்த்தவனோடு சேர்த்து, பார்க்கப்பட்டவனுக்குத் தனி உருபு தருவது தமிழ் வழி. இதை இரண்டாம் வேற்றுமை வகை எனலாம். வந்தவனைப் பார்க்கப்பட்டவனோடு சேர்த்து, பார்த்தவனுக்குத் தனி உருபு தருவது எர்கடிவ் வகை.

இப்படிச் சேர்ப்பதில் என்ன நியாயம் என்று கேட்கலாம். ‘கிளை முறிந்தது’, ‘பையன் கிளையை முறித்தான்’ என்ற வாக்கியங்களைப் பாருங்கள். இரண்டிலும் முறிவது கிளைதான். கிளைக்கு நேர்ந்ததில் மாற்றமில்லை; இரண்டாவதில் முறித்தவன் ஒருவன் கூடுதலாக வந்து சேர்கிறான். தமிழ் இலக்கணம் கிளையை முதலில் எழுவாய் என்றும் பிறகு செயப்படுபொருள் என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. எர்கடிவ் மொழி கிளையை அப்படியே விட்டுவிட்டு, கூடுதலாக வந்தவனுக்கு அடையாளம் போடுகிறது.

இதைக் கேட்டதும், ‘பையனால் கிளை முறிக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டுவினைதானே இது என்று பலருக்கும் தோன்றும். பாஸ்கைப் பொறுத்தவரை அது தவறு. செயப்பாட்டுவினையில் செய்தவரைச் சொல்லாமலே விட்டுவிடலாம். வினையிலும் அவருடைய சுவடு இருக்காது. பாஸ்க் துணைவினையிலோ செய்தவர் யார் என்பது பதிந்திருக்கிறது. அவன் பார்த்தால் ‘இகூசி து’, நான் பார்த்தால் ‘இகூசி துத்’. அங்கே இது சுற்றிவளைத்த வாக்கியம் அல்ல. ஒருவன் இன்னொருவனைப் பார்த்தான் என்று சொல்வதற்கான இயல்பான வழியே இதுதான்.

இந்தியின் ‘நே’ ஏன் முடிந்த செயலில் மட்டும் வருகிறது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. சமஸ்கிருதத்தில் ‘பையனால் பழம் தின்னப்பட்டது’ என்ற பாணியில் எச்ச வடிவத்தைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அதில் செய்தவர் மூன்றாம் வேற்றுமையில் நிற்பார். எச்சம் பழத்தோடு இயையும். காலப்போக்கில் அந்த வடிவமே சாதாரண இறந்தகாலமாகிவிட்டது. செயப்பாட்டு உணர்வு மறைந்தது, இயைபு மட்டும் தங்கிவிட்டது. நிகழ்கால வடிவத்துக்கு இந்தப் பூர்வீகம் இல்லாததால் அங்கே ‘நே’ இல்லை. ‘மை ரோட்டி காயா’ என்று தமிழர் சொல்லும்போது, ‘நான் சாப்பிட்டேன்’ என்ற தமிழ் அமைப்பு உள்ளே இருந்து பேசுகிறது. ‘மைனே ரோட்டி காயீ’ என்பதே சரி. ‘லட்கா ஆயா’ என்பதில் ‘நே’ வராததும் இப்போது புரியும். அங்கே வந்தவன் ஒருவன்தான், செயப்படுபொருள் இல்லை.

இந்தியிலும் பாஸ்கிலும் இந்த வேறுபாடு உருபோடும் இயைபோடும் நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்து மழைக்காடுகளில் பேசப்பட்ட டியிர்பல் மொழியில் அது வாக்கியங்களை இணைக்கும் முறை வரைக்கும் இறங்குகிறது. ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் 1972-இல் வெளியிட்ட இலக்கண நூல் இந்த மொழியை உலகறியச் செய்தது.

அங்கே ‘ஙுமா’ அப்பா, ‘யபு’ அம்மா, ‘பனகன்யு’ திரும்பினார். ‘ஙுமா யபுங்கு புரன்’ என்றால் அம்மா அப்பாவைப் பார்த்தார். ‘ங்கு’ உருபு பெற்ற அம்மாதான் பார்த்தவர். இதோடு இன்னொரு வினையைச் சேர்த்து ‘ஙுமா யபுங்கு புரன் பனகன்யு’ என்கிறார்கள். திரும்பியது யார்? தமிழில் ‘அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்’ என்றால் திரும்பியது அம்மா. டியிர்பலில் சந்தேகமின்றி அப்பா! உருபில்லாமல் நிற்கும் ஙுமாவைத்தான் அடுத்த வினை எடுத்துக்கொள்ளும். அம்மாவே திரும்பினார் என்று சொல்ல வேண்டுமானால், ‘பார்த்தார்’ என்ற வினையின் வடிவத்தை மாற்றி அம்மாவை உருபில்லாத இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவு தூரம் போன டியிர்பலிலும், நான், நாம், நீ, நீங்கள் போன்ற சொற்கள் தமிழைப் போலவே நடக்கின்றன. நாம் வந்தாலும் நாம் பார்த்தாலும் ‘ஙனா’. நம்மைப் பார்த்தால் ‘ஙனனா’. ஒரே மொழிக்குள் பெயர்ச்சொல் ஒரு வழியிலும் இந்தச் சொற்கள் இன்னொரு வழியிலும் போகின்றன. எல்லா இடத்திலும் எர்கடிவாகவே நடக்கும் மொழி இதுவரை கண்டறியப்படவில்லை.

புதிதாக ஒரு மொழியைக் கற்கத் தொடங்குபவர்கள் முதல் நாளே ‘பையன் வந்தான்’, ‘பையன் மனிதனைப் பார்த்தான்’, ‘மனிதன் பையனைப் பார்த்தான்’ என்ற மூன்று வாக்கியங்களையும் அந்த மொழியில் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பையனுக்கு எந்த வாக்கியத்தில் உருபு மாறுகிறது என்று பார்த்தால் வகை தெரிந்துவிடும். ஆனால் இறந்தகாலத்தில் ஒரு முறை, நிகழ்காலத்தில் ஒரு முறை, ‘நான்’ என்று மாற்றி ஒரு முறை எனக் கேட்க மறக்க வேண்டாம். ஒரே காலத்தில் மட்டும் கேட்டால் இந்தி போன்ற மொழி ஏமாற்றிவிடும்.