காலை 5 மணி ரிப்போர்ட்டில் முந்தாநாள் கணக்கு

மதுரையில் தலைமை அலுவலகமும் சுற்றுவட்டாரத்தில் 40 கிளைகளும் கொண்ட ஒரு மளிகைக் கடை நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் காலை 5 மணிக்கு கொள்முதல் மேலாளரின் மெயிலுக்கு ஒரு ரிப்போர்ட் தானாக வந்துவிடும். நேற்று எந்தக் கிளையில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு வெல்லம், எவ்வளவு எண்ணெய் விற்றது என்பது அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் குடோனிலிருந்து லாரி கிளம்பும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையும் ரிப்போர்ட் சரியான நேரத்துக்கு வருகிறது. தலைப்பில் அன்றைய தேதி, கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன, பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் அதில் இருப்பது திங்கள்கிழமை விற்பனை அல்ல, ஞாயிற்றுக்கிழமை விற்பனை. மேலாளர் ஞாயிறு கூட்டத்துக்கு ஏற்ற சரக்கைச் செவ்வாய்க்கிழமைக்கு அனுப்பிவிடுகிறார்.

யார் செய்த தவறு? ரிப்போர்ட்டை உருவாக்கும் நிரல் தனக்குச் சொன்னதை அப்படியே செய்தது. ஐந்து மணிக்கு ஓடு என்றார்கள், ஓடியது. நேற்றைய பில்களைக் கூட்டு என்றார்கள், கூட்டியது. சிக்கல் அந்த ‘நேற்று’ என்ற சொல்லில் இருக்கிறது. பல சர்வர்கள் உலகப் பொது நேரமான யூடிசி-யில்தான் ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறது. மதுரையில் செவ்வாய் காலை 5 மணி ஆகும்போது சர்வரின் கடிகாரத்தில் திங்கள் இரவு 11.30. அதற்கு ‘நேற்று’ என்றால் ஞாயிறு. இதே ரிப்போர்ட் காலை 6 மணிக்கு ஓடியிருந்தால் சர்வரிலும் செவ்வாய் பிறந்திருக்கும், கணக்கும் சரியாக வந்திருக்கும். பல மாதங்களாக ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்த ரிப்போர்ட்டை, ‘சீக்கிரம் வேண்டும்’ என்று யாரோ ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திய நாளில்தான் இந்தக் கோளாறு தொடங்கும். அதனால்தான் காரணம் எளிதில் பிடிபடுவதில்லை.

நேர மண்டலத்தைக் கேள்வியிலேயே எழுதிவிட்டால் இது தீர்ந்துவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘இந்தியக் கணக்கில் நேற்று’ என்பதை இப்படிக் கேட்கலாம்:

```sql
SELECT (now() AT TIME ZONE 'Asia/Kolkata')::date - 1;
```

இரண்டாவது காரணம் இன்னும் பரவலானது. கிளைகளின் பில்கள் இரவு கடை சாத்தியதும் தலைமை அலுவலகத்துக்கு வருகின்றன. இரண்டு மணிக்கு அவற்றைத் தரவுத்தளத்தில் ஏற்றும் வேலை தொடங்கி, வழக்கமாக நான்கு மணிக்குள் முடிகிறது. ரிப்போர்ட் ஐந்து மணிக்கு. நடுவில் ஒரு மணி நேர இடைவெளி இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் பில்கள் பெருகும். ஏற்றும் வேலை ஐந்தரை வரை இழுக்கும். ஆனால் ரிப்போர்ட் அதற்காகக் காத்திருக்காது. ஒரு வேலைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கடிகாரத்தைத் தவிர வேறு தொடர்பே இல்லை. ஏற்றியவரை இருப்பதைக் கூட்டி அனுப்பிவிடும்.

மூன்றாவது, சேமித்து வைத்த நகல். பவர் பிஐ போன்ற கருவிகளில் பெரும்பாலும் ரிப்போர்ட் மூலத் தரவை நேரடியாகப் படிப்பதில்லை. கடைசியாக ரெஃப்ரெஷ் செய்தபோது எடுத்த நகலைத்தான் காட்டுகிறது. மூலத் தரவுத்தளத்தின் பாஸ்வேர்டை யாராவது மாற்றினால் ரெஃப்ரெஷ் தோற்கும். தொடர்ந்து நான்கு முறை தோற்றால் பவர் பிஐ அந்த அட்டவணையையே நிறுத்திவிடும். மெயில் அனுப்பும் அட்டவணை வேறு என்பதால், பழைய நகல் புதிய தேதியில் போய்க்கொண்டிருக்கும்.

அப்படியானால் அனுப்புவதற்கு முன் எதைப் பார்ப்பது? பலரும் அட்டவணையில் கடைசியாக எப்போது தரவு ஏறியது என்று மட்டும் பார்க்கிறார்கள். அது போதாது. முந்தாநாள் கோப்பையே ஒரு கிளை தவறுதலாக மீண்டும் அனுப்பியிருந்தால், ஏறிய நேரம் இன்றைக்கு; உள்ளே இருக்கும் பில்லோ முந்தாநாளுடையது. பார்க்க வேண்டியது பில் போட்ட நேரம்.

அதையும் மொத்தமாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். 40 கிளைகளில் ஒன்று மட்டும் நேற்று இரவு 10 மணி பில்லை அனுப்பியிருந்தாலும், ‘கடைசி பில் நேற்று இரவு 10 மணி’ என்றுதான் விடை வரும். மற்ற 39 கிளைகள் அதன் பின்னால் மறைந்துவிடும். எனவே ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாகக் கடைசி பில்லைக் கேட்டு, பழையதை மேலே வைக்க வேண்டும்:

```sql
SELECT b.branch_name, MAX(s.bill_time) AS last_bill
FROM branches b
LEFT JOIN sales s ON s.branch_id = b.branch_id
GROUP BY b.branch_name
ORDER BY last_bill NULLS FIRST;
```

விற்பனை அட்டவணையிலிருந்து தொடங்காமல் கிளைகளின் பட்டியலிலிருந்து இந்தக் கேள்வி தொடங்குவதைக் கவனியுங்கள். நேற்றைய விற்பனையை மட்டும் எடுத்துக் கிளைவாரியாகப் பிரித்தால், பில்லே அனுப்பாத கிளை பட்டியலிலேயே இருக்காது. 39 வரிகளைப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று யாருக்கும் தோன்றாது. மேலே உள்ள கேள்வியில் அந்தக் கிளைதான் முதல் வரியில் வந்து நிற்கும்.

இப்படி ஒரு பகுதி விடுபட்டு மீதி மட்டும் வெளியானால் என்ன ஆகும் என்பதை 2020-இல் இங்கிலாந்து பார்த்தது. கோவிட் பரிசோதனை முடிவுகளைத் தொகுத்த பொது சுகாதார அமைப்பு, ஆய்வகக் கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றிவந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். அதற்கு மேல் வந்தவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் சேரவில்லை. அத்தனை நாளும் அறிக்கை தவறாமல் வெளியானது. தொற்றாளர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்லும் வேலைதான் தாமதமானது.

கிளைவாரிச் சோதனையைத் தினமும் கையால் செய்ய வேண்டியதில்லை. ரிப்போர்ட் கிளம்புவதற்கு முன் அதைத் தானாக ஓடவைத்து, எல்லாக் கிளையின் கடைசி பில்லும் நேற்று இரவு எட்டு மணிக்குப் பிந்தியதாக இருந்தால் மட்டும் மெயில் போகட்டும் என்று வைக்கலாம். அதோடு, ரிப்போர்ட்டைக் கடிகாரத்தோடு கட்டாமல், ஏற்றும் வேலை முடிந்ததும் தொடங்கும்படி மாற்றிவிட்டால் தீபாவளி நெரிசலும் பாதிக்காது. பவர் பிஐ-யிலும் ரெஃப்ரெஷ் முடிந்த பிறகு மெயில் அனுப்பும் தெரிவு இருக்கிறது. வார விடுமுறை விடும் கிளைகளுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் வாராவாரம் பொய் எச்சரிக்கை வந்து, கடைசியில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

ஒரு வரம்பையும் நினைவில் கொள்ளுங்கள். இந்தச் சோதனை தரவு வந்துசேர்ந்ததா என்பதை மட்டுமே சொல்லும். கடைசி பில் வந்திருந்தும் நடுவில் சில பில்கள் விடுபட்டிருக்கலாம். அதற்குக் கிளையில் போட்ட பில்களின் எண்ணிக்கையையும் இங்கே ஏறிய எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும்.

ரிப்போர்ட் தயாரிப்பவர்கள் இன்றே ஒன்றைச் செய்யலாம். தலைப்பில் ரிப்போர்ட் ஓடிய தேதிக்குப் பதிலாக, ‘40 கிளைகளில் 39 வந்துள்ளன, திருமங்கலம் பில்கள் ஞாயிறு இரவு வரை மட்டும்’ என்பதுபோல, தரவிலிருந்தே எடுத்த ஒரு வரியைப் போடுங்கள். வராத கணக்கை வந்ததுபோல் காட்டி ஐந்து மணிக்கு அனுப்புவதைவிட, இந்த வரியோடு ஆறு மணிக்கு அனுப்புவது மேல். லாரியில் எதை ஏற்றுவது என்று முடிவெடுப்பவருக்கு அதுதான் தேவை.