கல்லாவுக்கும் தெரியாத நான்கு இலக்கங்கள்

2013 நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை, அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் கார்டு தேய்த்தவர்களின் விவரங்களை ஒரு திருட்டு நிரல் சேகரித்துக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 4 கோடி கார்டுகள் அதில் சிக்கின. பில் போடும் கணினியின் நினைவகத்தில் கார்டு எண் ஒரு கணம் பூட்டில்லாமல் கிடக்கும். நிரல் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து அள்ளியது. டிசம்பர் 27 அன்று நிறுவனம் இன்னொன்றையும் சொன்னது: பின் எண்களும் போயிருக்கின்றன, ஆனால் மறையாக்கம் செய்த நிலையில்தான் போயிருக்கின்றன, அதைத் திறக்கும் சாவி எங்கள் கணினிகளில் ஒருபோதும் இருந்ததில்லை.

அதே கணினி, அதே திருடர்கள். கார்டு எண்ணைப் படிக்க முடிந்தது, பின்னைப் படிக்க முடியவில்லை. பின், அந்தக் கணினிக்கு வருவதற்கு முன்பே பூட்டப்பட்டுவிட்டதுதான் காரணம்.

பூட்டு விழும் இடம், நாம் எண்ணை அழுத்தும் கருவியேதான். பொத்தான்களுக்கு அடியில் இருக்கும் பாதுகாப்புச் சில்லு, அழுத்திய இலக்கங்களை உள்ளேயே வைத்துக்கொண்டு திரைக்கு நட்சத்திரக் குறிகளை மட்டும் அனுப்பும். அந்தச் சில்லைச் சுற்றி மெல்லிய கம்பி வலை இருக்கும். யாராவது மூடியைத் திறந்தாலோ துளை போட்டாலோ வலை அறுபடும். உடனே உள்ளிருக்கும் சாவிகள் அழிந்துவிடும். கருவி கீழே விழுந்து, திரையில் ‘டேம்பர்’ என்று வந்து, அதற்கப்புறம் எதற்குமே அசையாமல் போனதைச் சில கடைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். விழுந்த அதிர்ச்சியைத் திருட்டு முயற்சி என்று அது எடுத்துக்கொண்டிருக்கும். பாதுகாப்பான இடத்தில் சாவியை மறுபடி ஏற்றினால்தான் அது வேலை செய்யும்.

பூட்டுவதற்கு முன் சில்லு ஒரு சிறு கணக்குப் போடுகிறது. பின் 1234 என்றும், கார்டு எண் 4111 1111 1111 1111 என்றும் வைத்துக்கொள்வோம். இது யாருடைய கார்டும் அல்ல, சோதனைக்காகப் பயன்படுத்தும் எண்.

```
041234FFFFFFFFFF
0000111111111111
----------------
041225EEEEEEEEEE
```

முதல் வரியில் 0 என்பது முறையின் எண், 4 என்பது பின்னின் நீளம், அடுத்து பின், மிச்சமெல்லாம் நிரப்பல். இரண்டாம் வரி, கார்டு எண்ணின் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய 12 இலக்கங்கள். இரண்டையும் எக்ஸ்-ஆர் என்ற முறையில் கலந்தால் மூன்றாம் வரி வரும். அதைத்தான் பூட்டுகிறார்கள்.

கார்டு எண்ணை எதற்காகக் கலக்க வேண்டும்? நான்கு இலக்கத்தில் மொத்தமே 10,000 பின்தான் உண்டு. கலக்காமல் ஒரே சாவியால் பூட்டினால், 1234 வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே பூட்டிய வடிவம்தான் வரும். திருடன் சாவியைத் தேடவே வேண்டாம். தன் கார்டில் 1234 என்று அழுத்திப் பார்த்து, வந்த வடிவம் வேறு எந்தக் கார்டுகளில் இருக்கிறது என்று தேடினால் போதும். கார்டு எண்ணைக் கலந்துவிட்டால் ஒரே பின்னும் கார்டுக்குக் கார்டு வேறு வடிவம் எடுக்கும்.

சாவியும் ஒன்றாகவே இருப்பதில்லை. 1980களின் பிற்பகுதியில் விசா நிறுவனத்தில் உருவாகி, இன்று பரவலாகப் புழங்கும் ‘டக்பட்’ என்ற முறையில், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு புதுச் சாவி. கருவி பூட்டிய பின்னோடு தன் அடையாளத்தையும் ‘இது என் இத்தனையாவது பரிவர்த்தனை’ என்ற எண்ணிக்கையையும் வெளிப்படையாகவே அனுப்பும். தாய்ச்சாவியை வைத்திருக்கும் மறுமுனை, அந்த இரண்டையும் கொண்டு அதே சாவியைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். கருவியில் தாய்ச்சாவி கிடையாது. பயன்படுத்திய சாவியையும் அது அப்போதே அழித்துவிடும். இன்று கருவியைக் களவாடி உள்ளே இருப்பதையெல்லாம் எப்படியோ படித்துவிட்டாலும், நேற்று அதில் அழுத்திய பின்களைத் திறக்க வழியில்லை. இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய முறையில் ஒரு கருவிக்கு 10 லட்சத்துக்கும் அதிகமான சாவிகள் கிடைக்கும். தீர்ந்தால் கருவி நின்றுவிடும்.

கடையிலிருந்து கிளம்பிய பின், கார்டு தந்த வங்கி வரைக்கும் ஒரே பூட்டில் போவதில்லை. இதை விளம்பரங்கள் சொல்வதில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்குக் கருவி கொடுத்த வங்கிக்கும் நமக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கும் இடையே பொதுச் சாவி கிடையாது. அதனால் முதல் வங்கி பூட்டைத் திறந்து, ரூபே அல்லது விசா போன்ற வலையமைப்போடு தனக்கு இருக்கும் சாவியால் மறுபடி பூட்டுகிறது. வலையமைப்பும் அதையே செய்து நம் வங்கிக்கு அனுப்புகிறது. இந்தத் திறப்பும் பூட்டலும் எச்.எஸ்.எம். என்ற தனிப் பெட்டிக்குள் மட்டுமே நடக்கும். ‘இந்தச் சாவியில் இருப்பதை அந்தச் சாவிக்கு மாற்று’ என்று பெட்டிக்குக் கட்டளையிடலாம்; ‘பின்னைக் காட்டு’ என்று இந்த வழியில் கேட்க முடியாது. பெட்டியைப் பராமரிக்கும் ஊழியருக்கும் பூட்டிய வடிவம்தான் வெளியே வரும்.

நம் வங்கியும் பின்னை எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை. ஐ.பி.எம். வகுத்த பழைய முறையில், வங்கி தன் ரகசியச் சாவியால் கணக்கு எண்ணை மறையாக்கம் செய்யும். விடையில் A முதல் F வரை எழுத்துகளும் கலந்து வரும் என்பதால், ஓர் அட்டவணையை வைத்து அவற்றை இலக்கமாக்கி, முதல் நான்கை எடுத்துக்கொள்ளும். அது 7316 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நாம் தேர்ந்தெடுத்த பின் 1234. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, கடன் வாங்காமல் இலக்கம் இலக்கமாகக் கணக்கிட்டால் 4928. (7-உடன் 4 சேர்த்தால் 11, அதில் ஒன்றாம் இடம் 1, மற்றவையும் இப்படித்தான்.) வங்கி சேமிப்பது 4928 மட்டுமே. அதைத் திருடியவனுக்குச் சாவி இல்லாமல் பயனில்லை.

ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதும் இந்த இடத்தில்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மைக் பாண்ட், பியோத்தர் ஜீலின்ஸ்கி இருவரும் 2003-ல் அதை வெளியிட்டார்கள். எழுத்தை இலக்கமாக்கும் அந்த அட்டவணையைப் பெட்டிக்குக் கொடுத்தது, அதை அழைக்கும் நிரல். அதாவது, வங்கிக்குள் இருக்கும் ஒருவரால் அதை மாற்றிக் கொடுக்க முடியும். 7 மட்டும் 1 ஆகட்டும், மற்றதெல்லாம் 0 ஆகட்டும் என்று அட்டவணையை மாற்றி, வித்தியாசத்தையும் 0000 என்று கொடுத்து, ‘0000 சரியா’ என்று கேட்கிறார். பெட்டி ‘சரி’ என்றால் அந்த நான்கு இலக்கத்தில் 7 கிடையாது. ‘தவறு’ என்றால் எங்கோ இருக்கிறது. இப்படியே கேட்டுப் போனால், 5,000 முயற்சி தேவைப்பட வேண்டிய பின் சராசரியாக 15 கேள்வியில் தெரிந்துவிடும். அரைமணி நேர மதிய இடைவேளையில் ஒருவர் சுமார் 7,000 பின்களைக் கறக்கலாம் என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். மறையாக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. சாவி கடைசிவரை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பெட்டி எந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறது என்பதில்தான் பிழை. இதற்குத் தீர்வு, அட்டவணையையும் சாவியைப் போலவே பாதுகாத்து, வெளியிலிருந்து வரும் வேறு அட்டவணையைப் பெட்டி ஏற்காமல் செய்வது.